வெள்ளை அணு குறைவாக இருக்கும்போது அது எப்படி ரத்தப் புற்றுநோய்?

கேள்வி: "தாராவியில் இருக்கிறோம். அக்கா பையனுக்கு நாலு வயது. மூணு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியில் கால் வலி என்று அழுகிறான். முதலில் டெங்கு என்றார்கள். இப்போது ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே பரேலில் இருக்கிற டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 5.9, வெள்ளை அணு 3,800 (நியூட்ரோபில் 6, லிம்போசைட் 91), பிளேட்லெட் 22,000. ரத்தப் புற்று என்றால் வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இங்கே எல்லாமே குறைந்து கிடக்கிறதே?"

பதில்:

ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்று அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா, சுருக்கமாக ஏஎல்எல். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் அது மிகுதியாகத் தலைகாட்டும். கண்டுபிடிக்கும் நாளில் இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வெள்ளை அணு பத்தாயிரத்துக்குள்தான் இருக்கும். ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறவர்கள் ஐந்தில் ஒருவர்தான். பையனுக்கு ஏஎல்எல்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, மஜ்ஜைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த டாக்டர் பயந்ததற்கு உங்கள் ரிப்போர்ட்டிலேயே காரணம் இருக்கிறது. மாட்டுங்கா பக்கம் ஒரு லேபில் ஸ்லைடு பார்ப்பது என் பிழைப்பு, அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே விளக்குகிறேன்.

ரத்தப் புற்று என்று பெயர் இருந்தாலும் இந்த நோயின் வீடு எலும்பு மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளை அணு, பிளேட்லெட் எல்லாம் அங்கேதான் உற்பத்தியாகின்றன. ஒவ்வொன்றும் குருத்தணுவில் தொடங்கி, படிப்படியாக முதிர்ந்து, வேலைக்குத் தயாரானதும் ரத்தத்துக்கு வரும். ஏஎல்எல்லில் லிம்போசைட்டாக முதிர வேண்டிய ஓர் இளம் அணு பாதி வழியில் நின்றுவிடுகிறது. முதிராது, சாகவும் மறுக்கும், பெருகுவதை மட்டும் நிறுத்தாது. அந்த முதிராத அணுவுக்குத்தான் பிளாஸ்ட் என்று பெயர். நோய் தெரிய வரும்போது உடம்பில் இவை லட்சம் கோடி அளவுக்குச் சேர்ந்திருக்கலாம், மஜ்ஜையில் பெரும்பங்கு இவையாகவே இருக்கும். இவற்றில் எத்தனை ரத்தத்துக்குள் கசிந்து வருகின்றன என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். சிலருக்கு லட்சக்கணக்கில் கொட்டும், சிலருக்கு ஒன்றிரண்டுகூட வெளியே வராது. மஜ்ஜை நிரம்பி வழிய, ரத்தத்தில் எண்ணிக்கை குறைந்திருப்பது இப்படித்தான்.

சரி, அந்த மூன்று எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வெள்ளை அணு. 3,800 என்பதைத் தனியாகப் பார்த்தால் பெரிய பயம் தெரியாது. அதில் நியூட்ரோபில் 6 சதவீதம் என்றால் கணக்குப்படி 228. கிருமியை முதலில் எதிர்த்து நிற்கிற அணு அதுதான், ஐந்நூறுக்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்போம். மீதி 91 சதவீதம் லிம்போசைட் என்று மெஷின் சொல்கிறது. நாலு வயதில் நியூட்ரோபிலும் லிம்போசைட்டும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்க வேண்டும், 91 என்பது எங்கோ இடிக்கிறது. மெஷின் அணுவின் அளவையும் அமைப்பையும் வைத்துத்தான் பெயர் சூட்டுகிறது. சின்ன பிளாஸ்டை அது லிம்போசைட் கணக்கில் சேர்த்துவிடும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கைக் குறி மட்டும் வரும், அதையும் பல நேரம் யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் ஸ்லைடை மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்லைடில் என்ன தெரியும்? சிவப்பணு ஆளுக்கொரு பக்கமாக விலகி விலகிக் கிடக்கும். பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருக்கும், வழக்கமாக ஒரு பார்வைப் பரப்புக்குப் பத்துப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று தெரிந்தால் அதிகம். வெள்ளை அணுவாக வருகிற ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: அணு முழுவதையும் உட்கரு அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நூல் போல ஒரு நீல ஓரம். முதிர்ந்த லிம்போசைட்டின் உட்கரு கட்டி கட்டியாக, கறுத்துத் தெரியும். இதில் மாவு சலித்தது போல மெல்லியதாக இருக்கும். ஒரு தொற்றுக்கு எதிராக உடம்பு லிம்போசைட்டைத் திரட்டினால் அவற்றில் பலவிதம் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல இருந்தால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்து பிளேட்லெட். இதன் ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். உற்பத்தி நின்றால் இரண்டு வாரத்துக்குள் தரை தட்டிவிடும். நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. அதற்கு மஜ்ஜையில் சில நாள் கையிருப்பு உண்டு, அது தீர்ந்ததும் அதுவும் விழும். ஆக, மஜ்ஜை படுத்தால் முதலில் வெளியே தெரிய வேண்டியவை கிருமித் தொற்றும் ரத்தக் கசிவும்தான். பையனின் உடம்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாக்ஸ் எலாஸ்டிக் அழுந்தும் இடத்தில், ஜட்டி விளிம்பில், கண்ணிமைக்கு மேலே குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா? கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தோலுக்கடியில் கசிந்த ரத்தம். முழங்காலுக்குக் கீழே நீலத் தழும்பு ஓடியாடுகிற எந்தக் குழந்தைக்கும் இருக்கும். முதுகிலும் வயிற்றிலும் அடிபடாமலே வந்தால் அது வேறு கதை.

மூன்றாவது, ஹீமோகுளோபின். எனக்கு இந்த ரிப்போர்ட்டில் அதிகம் பேசுகிற எண் இதுதான். சிவப்பணு நூற்று இருபது நாள் வாழும். உற்பத்தி முழுக்க நின்றுபோனாலும் நாளொன்றுக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்க முடியும். பையனுக்கு முன்பு 10 இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் குழந்தைகளில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவால் அவ்வளவுதான் இருக்கிறது. அது 5.9க்கு வந்துசேர, ரத்தம் எங்கும் வெளியேறாமலும் அணுக்கள் உடையாமலும் இருந்தால், ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காய்ச்சல் மூன்று வாரமாகத்தான் இருக்கிறது, மஜ்ஜை அதற்கு முன்பே கை விட்டிருக்கிறது. இத்தனை மெதுவாக இறங்குவதால் உடம்பும் அதற்குப் பழகிக்கொள்கிறது. "நேற்றுவரை விளையாடினானே டாக்டர்" என்று அம்மாக்கள் சொல்வது பொய்யே இல்லை, ஆறு ஹீமோகுளோபினோடும் குழந்தை விளையாடும். வெளிறிப்போனது தினமும் பார்க்கிற நமக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்த ஆச்சிதான் "என்ன பிள்ளை இப்படி வெளுத்துக் கிடக்கு" என்று முதலில் கேட்பார்.

டெங்கு என்று முதலில் நினைத்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். மழைக்கால மும்பையில் காய்ச்சலோடு பிளேட்லெட்டும் வெள்ளை அணுவும் குறைந்து வந்தால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். ஆனால் டெங்குவில் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, ஹீமோகுளோபின் இருக்கும் அளவிலோ சற்று ஏறியோதான் நிற்கும். பெரிதாக ரத்தப்போக்கு இல்லாமல் 5.9க்கு இறங்காது. பிளேட்லெட்டும் காய்ச்சல் தொடங்கிய மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் விழுந்து, பிறகு தானாக ஏறத் தொடங்கும். மூன்றாம் வாரத்திலும் 22,000லேயே நின்றால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மலேரியா இன்னும் நெருங்கிய போலி. அது ரத்தச்சோகையும் தரும், மண்ணீரலையும் வீங்க வைக்கும். ஆனால் அதே ஸ்லைடில் ஒட்டுண்ணி தெரிந்துவிடும். பிளேட்லெட் மட்டும் குறைந்து மற்ற இரண்டும் சரியாக, குழந்தையும் தெம்பாக இருந்தால் ஐடிபி என்ற வேறொரு கோளாறு, அதில் மஜ்ஜை நன்றாகவே வேலை செய்யும். மூன்று அணு வகையும் சேர்ந்து படுத்தால்தான் உற்பத்தி நடக்கும் இடத்தைச் சந்தேகிக்கிறோம். அப்போதும் பி12 குறைவு, மஜ்ஜை வறண்டுபோகும் அப்ளாஸ்டிக் அனீமியா போன்றவை பட்டியலில் இருக்கும். அதில் நியாயமான நம்பிக்கை வைக்கலாம், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது.

இனி, மஜ்ஜை ஏன் படுக்கிறது? எல்லோரும் சொல்வது இடநெருக்கடி. நாற்றங்காலில் களை மண்டினால் நாற்று எழும்பாது, அது போலத்தான் என்று நானும் சொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. வயதானவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியாவில் மஜ்ஜையில் பாதிக்கு மேல் நோயணு இருந்தும் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இன்னொரு பக்கம், ஏஎல்எல் வருவதற்குச் சில வாரம் முன்பு மஜ்ஜை நெருக்கடியே இல்லாமல் காலியாகக் கிடந்து, அப்ளாஸ்டிக் அனீமியா என்றே நினைக்க வைக்கிற சில குழந்தைகளும் உண்டு. வெறும் நெருக்கடிதான் காரணம் என்றால் இரண்டும் நடக்காது.

மஜ்ஜையில் நல்ல குருத்தணு தனக்கென்று அமைந்த இடத்தில், பக்கத்து அணுக்கள் சுரக்கும் சில சைகைப் புரதங்களின் தயவில்தான் இருக்கிறது. எப்போது உறங்கு, எப்போது பெருகு, எங்கே நில் என்பதெல்லாம் அந்தச் சைகைகள் சொல்வது. பிளாஸ்டுகள் அந்த இடத்தில் குடியேறிச் சைகைகளையே மாற்றிவிடுகின்றன. குருத்தணுவைப் பிடித்து வைக்கும் புரதம் குறைகிறது, பிளாஸ்டுகளே சுரக்கும் வேறு புரதங்கள் அதைத் தவறான இடத்துக்கு இழுக்கின்றன, அழற்சிச் சுரப்புகள் அதன் வேலையை அடக்குகின்றன. பலருக்கு மஜ்ஜைக்குள் மெல்லிய நார் வலையும் படர்கிறது. மஜ்ஜையை ஊசியில் உறிஞ்சினால் எதுவும் வராமல் போவதற்கு, அதாவது 'டிரை டேப்' ஆவதற்கு, அதுவும் ஒரு காரணம்.

இதில் நம்பிக்கை தருகிற செய்தி, நல்ல குருத்தணுக்கள் அழியவில்லை என்பது. அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சிகிச்சை தொடங்கிய நாலைந்து வாரத்தில் பிளாஸ்டுகள் கரைந்ததும் அதே மஜ்ஜை மறுபடி மூன்று வகை அணுவையும் தயாரிக்கத் தொடங்குவதே சாட்சி. இதை முதன்முதலில் உலகம் கண்டது 1948இல். அமெரிக்காவில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கி, ரத்த அணுக்கள் தற்காலிகமாக மீண்டன. அந்த மருந்து எல்லப்பிரகட சுப்பாராவின் குழு தயாரித்தது, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபோலிக் அமிலத்தின் கதை தொடங்கியதோ நம் பம்பாயில்: கர்ப்பிணிகளான மில் தொழிலாளிகளின் ரத்தச்சோகையை ஆராய வந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாரில் அதைக் குணமாக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1931இல் எழுதினார். அவர் வேலை பார்த்த ஹாஃப்கின் நிறுவனமும் பரேலில்தான் இருக்கிறது, நீங்கள் போகப்போகிற டாடா மெமோரியலும் பரேல்தான். இந்தத் தற்செயல் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கால் வலிக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜை இடுப்பு, முதுகெலும்பு, மார்பெலும்புப் பக்கம் ஒதுங்கிவிடும். நாலு வயதில் தொடை, கால் எலும்புகளிலும் அது இருக்கிறது. உள்ளே பிளாஸ்ட் பெருகி அழுத்தம் ஏற ஏற, எலும்பைப் போர்த்திய நரம்பு மிகுந்த உறை இழுபடுகிறது. வளரும் வலி என்று சொல்வார்களே, அது சாயங்காலம் வந்து, தேய்த்துவிட்டால் போய், காலையில் குழந்தை ஓடும். இது தூக்கத்திலிருந்து எழுப்பும், தேய்க்க விடாது, சில குழந்தைகள் காலைத் தரையில் ஊன்றவே மறுக்கும். ஒரு விசித்திரம் என்னவென்றால், எலும்பு வலியே முதன்மையாக வரும் குழந்தைகளில் பலருக்கு ரத்த எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அவர்களுக்குத்தான் மூட்டுவாதம் என்று பெயர் வைத்து, ஸ்டீராய்டு கொடுத்துவிடும் ஆபத்து அதிகம்.

அந்த ஆபத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏஎல்எல் சிகிச்சையின் முதல் மருந்தே பிரெட்னிசலோன் அல்லது டெக்ஸாமெதசோன். நோய் தெரியாமல், மூட்டு வலிக்கோ இருமலுக்கோ அதைச் சில நாள் கொடுத்தாலே பிளாஸ்டுகள் கரையத் தொடங்கும், காய்ச்சல் விடும், வலி போகும். எல்லோரும் நிம்மதியாவார்கள். பிறகு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் குழப்பமான பதில் வரும், நோய் எவ்வளவு தீவிரம் என்று வகைப்படுத்துவதும் கெட்டுப்போகும். சில வாரத்தில் நோய் திரும்பும்போது அந்த மருந்துக்குப் பழகியும் இருக்கலாம். நோயணுக்கள் மொத்தமாகச் சிதைந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகம் திணறவும் கூடும். எனவே மஜ்ஜைப் பரிசோதனை முடியும்வரை யார் எழுதிக் கொடுத்தாலும் "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மருந்துச் சீட்டோடு சொல்லிவிடுங்கள்.

எல்லா ஏஎல்எல்லும் இப்படி மஜ்ஜை வழியாகவே முகம் காட்டுவதில்லை. ஏழில் ஒரு பங்கு போல டி-அணு வகை. அது பெரும்பாலும் பெரிய பையன்களுக்கு, மார்புக்குள் தைமஸ் சுரப்பியில் கட்டியாக வளரும். வெள்ளை அணு ஏறி இருக்கும், ஹீமோகுளோபின் அவ்வளவாக விழுந்திருக்காது. படுத்தால் மூச்சுத் திணறும், முகம் வீங்கும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுப்பது இதற்காகத்தான்.

இப்போது செய்ய வேண்டியது. 228 நியூட்ரோபிலோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அது பரேல் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கும் விஷயமில்லை. எந்த எமர்ஜென்சியிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். வீட்டில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் வாய் வழியாக. இபுப்ரொஃபென், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் இருக்கிற கொஞ்ச பிளேட்லெட்டையும் மந்தமாக்கும். தசையில் ஊசி போட விடாதீர்கள். ரத்தம் ஏற்றச் சொன்னால் தயங்க வேண்டாம். முடிந்தால் அதற்கு முன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பழைய ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் போங்கள். ஏற்றும்போது மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், நீண்ட நாள் சோகைக்குப் பழகிய இதயத்துக்கு வேகம் ஆகாது. 22,000 பிளேட்லெட்டுக்கு ரத்தக் கசிவு இல்லையென்றால் ஏற்றாமலும் விடலாம், அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

அங்கே இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள். பிளாஸ்ட் எத்தனை சதவீதம் என்பதை ஸ்லைடும், பி-அணு வகையா டி-அணு வகையா என்பதை ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையும், எந்த மரபணு மாற்றம் என்பதை அடுத்த கட்டச் சோதனையும் சொல்லும். முதுகுத் தண்டு நீரையும் பார்ப்பார்கள். நாலு வயது, ஐம்பதாயிரத்துக்குக் கீழே வெள்ளை அணு என்ற இரண்டும், நோய் உறுதியானால், பையனுக்குச் சாதகமான விஷயங்கள். வெள்ளை அணு குறைவாக இருப்பது அந்த வகையில் நல்லதுதான்.

சிகிச்சை தொடங்கியதும் முதல் சில வாரம் எண்ணிக்கைகள் இன்னும் சரியும், பிறகு ஏறும். மாத முடிவில் எடுக்கும் மஜ்ஜையில் பிளாஸ்ட் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் நோய் அடங்கியது என்பார்கள். அந்த நாளில் ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் நோயில்லாத குழந்தையுடையதைப் போலவே சுத்தமாக இருக்கலாம், ஆனாலும் உடம்பில் ஆயிரம் கோடி அணு வரை மிச்சம் இருக்கக்கூடும், மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் அது தெரியாது. அதனால்தான் பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் கண்டுபிடிக்கும் எம்ஆர்டி சோதனையைச் செய்கிறார்கள், சிகிச்சையும் இரண்டு இரண்டரை வருடம் ஓடுகிறது. பையன் தேறிவிட்டான் என்று ஆறாம் மாதம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகலாமா என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்போது அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.